5/6 + 3/8: பொதுப் பகுதி காண மூன்று வழிகள், எந்தக் கணக்குக்கு எது?

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அக்கா மகளாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு நோட்டை மடியில் வைத்து, ட்யூப்லைட் நிழல் பாதிப் பக்கத்தில் விழ, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, கூடவே "சித்தி, இது கரெக்டா?" என்று ஒரு வரி போடுவாள். போன வாரம் வந்த போட்டோவில் நான்கு கணக்குகள் இருந்தன.

(1) 5/6 + 3/8
(2) 3 1/4 − 1 5/6
(3) 7/12 + 5/18 − 3/8
(4) 1/6 + 3/10

நான்கும் வேற்றினப் பின்னங்கள், அதாவது கீழே இருக்கும் எண்கள் வேறு வேறாக உள்ள பின்னங்கள். முதல் கணக்கை மட்டும் போட்டிருந்தாள். விடை 8/14. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டியிருக்கிறாள். மற்ற மூன்றும் காலியாக இருந்தன.

இவளுக்கு எந்த முறையைச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தேன். வகுப்பில் குறுக்குப் பெருக்கல் நடத்தியிருக்கிறார்கள். நான் படித்த காலத்தில் ஏணி மாதிரி வகுத்துக்கொண்டே போகும் முறைதான் இருந்தது. இரண்டும் இல்லாமல், பெரிய எண்ணின் மடங்குகளை வாயாலேயே சொல்லிப் பார்க்கும் வழியும் உண்டு. மூன்றும் சரியான விடையைத்தான் தரும். ஆனால் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் வேறு. அதனால் மூன்றையும் இந்த ஒரே போட்டோவில் இருந்த கணக்குகளின் மேல் போட்டுப் பார்த்தேன்.

8/14 ஏன் தவறு

முறைக்குள் போவதற்கு முன், விடை தவறு என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். "தப்பு" என்று நான் சொல்லிவிட்டால் அடுத்த கணக்குக்கும் என்னைத்தான் கேட்பாள். அதனால் போன் போட்டு, 8/14-ஐச் சுருக்கச் சொன்னேன். 4/7 என்றாள். "நாலில் ஏழா, அஞ்சில் ஆறா, எது பெரிசு?" என்று கேட்க நினைத்து, வாய்வரை வந்ததை மாற்றிக்கொண்டேன். 'ஆறில் ஐந்து' என்பதுதான் தமிழில் சரியான வரிசை. கீழே உள்ளதை முதலில் சொல்லி, அதில் எத்தனை என்று பிறகு சொல்கிறோம். இந்த வரிசையில் சொன்னாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒன்றை ஆறு பாகமாக வெட்டி அதில் ஐந்தை எடுத்திருக்கிறோம். கிட்டத்தட்ட முழுசு. ஏழில் நான்கு என்பது பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட.

"ஆறில் அஞ்சோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, ஆறில் அஞ்சைவிடக் குறைஞ்சு போகுமா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "போகாது சித்தி" என்றாள். கூட்டின விடை, கூட்டப்பட்டவற்றில் பெரியதைவிடச் சின்னதாக வந்தால் எங்கோ பிழை இருக்கிறது. இந்தச் சோதனைக்கு எந்த முறையும் தெரிந்திருக்க வேண்டாம்.

அடுத்து, ஏன் நேரடியாகக் கூட்ட முடியாது என்பது. கணக்கு நோட்டிலேயே கட்டங்கள் இருக்கின்றன, அதை வைத்தே காட்டினேன். பக்கவாட்டில் 6 கட்டம், மேலிருந்து கீழே 4 கட்டம் இருக்கும்படி ஒரு செவ்வகம் வரையச் சொன்னேன். உள்ளே மொத்தம் 24 சிறு கட்டங்கள். இந்தச் செவ்வகம் முழுவதும்தான் 'ஒன்று'.

ஆறில் ஒன்று என்றால் மேலிருந்து கீழாக ஒரு பத்தி, அதில் 4 கட்டம். ஆறில் ஐந்து என்றால் ஐந்து பத்தி, 20 கட்டம். எட்டில் ஒன்றை எப்படிக் காட்டுவது? நான்கு வரிசை இருக்கிறது, ஒவ்வொரு வரிசையையும் பாதியாக வெட்டினால் எட்டுத் துண்டு. ஒரு துண்டில் 3 கட்டம். ஆகவே எட்டில் மூன்று என்பது 9 கட்டம். பத்தியையும் அரை வரிசையையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண முடியாது, இரண்டும் வேறு அளவு. கட்டங்களாக மாற்றிவிட்டால் எண்ணலாம். 20 கட்டமும் 9 கட்டமும் 29 கட்டம். ஒரு செவ்வகம் நிறைய 24 போக மிச்சம் 5. விடை 1 5/24.

பொதுப் பகுதி என்பது அந்தச் சிறு கட்டம்தான். இரண்டு பின்னத்தையும் மிச்சமில்லாமல் அளக்கக்கூடிய ஒரு துண்டு. ஒன்றை 14 துண்டாக்கினால் அதை ஆறு சம பாகமாகவும் பிரிக்க முடியாது, எட்டுச் சம பாகமாகவும் பிரிக்க முடியாது. 14-க்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை.

இனி வரும் மூன்று முறைகளும், அந்தச் சிறு கட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கும் வழிகள்தான். கண்டுபிடித்த பிறகு செய்யும் வேலை மூன்றிலும் ஒன்றே. கீழ் எண்ணை எத்தனையால் பெருக்கினோமோ, அதே எண்ணால் மேல் எண்ணையும் பெருக்க வேண்டும்.

(சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாடப் புத்தகத்தில் மேல் எண் தொகுதி, கீழ் எண் பகுதி. இலங்கையில் தொகுதியெண், பகுதியெண் என்பார்கள். நாம் மீச்சிறு பொது மடங்கு, மீ.சி.ம. என்று சொல்வதை அவர்கள் பொ.ம.சி. என்று எழுதுவார்கள். விஷயம் ஒன்றுதான்.)

குறுக்குப் பெருக்கல்

இரண்டு பகுதிகளையும் பெருக்கிவிடுவது. 6 × 8 = 48. முதல் தொகுதியை எதிரே உள்ள பகுதியால் பெருக்கினால் 5 × 8 = 40. இரண்டாவது தொகுதியை 3 × 6 = 18.

5/6 + 3/8 = (40 + 18)/48 = 58/48 = 29/24 = 1 5/24

யோசிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் இதன் பலம். எந்த இரண்டு பின்னத்தைக் கொடுத்தாலும் இதே மூன்று பெருக்கல். மடங்கு, காரணி எதுவும் ஞாபகம் இல்லாத பிள்ளையும் போட்டுவிடும். தேர்வில் பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

பகுதிகள் இரண்டுக்கும் பொதுக் காரணி ஒன்றைத் தவிர வேறு இல்லையென்றால் இதைவிட நல்ல வழியும் கிடையாது. 2/3 + 4/5 என்றால் 3 × 5 = 15-தான் மிகச் சிறிய பொதுப் பகுதி. மற்ற முறைகளில் சுற்றி வந்தாலும் அதே 15-இல்தான் வந்து நிற்போம். (10 + 12)/15 = 22/15 = 1 7/15, முடிந்தது.

ஆனால் 6-க்கும் 8-க்கும் 2 பொதுக் காரணி. அதனால்தான் 24 போதுமான இடத்தில் 48 வந்தது. கட்டத்தை இன்னும் பாதியாக வெட்டிவிட்டு எண்ணுகிறோம். தவறில்லை, வேலை கூடுகிறது. கடைசியில் 58/48-ஐச் சுருக்கியாக வேண்டும். பிள்ளைகள் பாதிப் பேர் 58/48 என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுவார்கள்.

எனக்கு இந்த முறையின் மேல் உள்ள பெரிய வருத்தம் அது அல்ல. கூட்டலில் 40-உம் 18-உம் இடம் மாறினாலும் விடை மாறாது. அதனால் எதை எதால் பெருக்கி எங்கே எழுத வேண்டும் என்பதில் பிள்ளைக்கு அக்கறை வருவதில்லை. கழித்தல் வந்ததும் அது அடிவாங்கும். 5/6 − 3/8 என்றால் 40 − 18 = 22, விடை 22/48, அதாவது 11/24. குறுக்குக் கோட்டை இரண்டாவது பின்னத்திலிருந்து தொடங்கிய பிள்ளை 18 − 40 என்று எழுதி விழிக்கும். முதல் தொகுதியைக் கொண்டு செய்யும் பெருக்கலே முதலில் வர வேண்டும் என்று கழித்தலுக்காகத் தனியாக ஒரு விதி சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, 'குறுக்கே பெருக்கு' என்பது பின்னங்களில் எது பெரியது என்று பார்க்கவும் வரும், பிறகு விகித சமத்திலும் வரும். ஏன் பெருக்குகிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு இவை எல்லாம் ஒரே பெருக்கல் குறியாகக் குழம்பிப் போகும். என் அக்கா மகளிடம் "48 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "ஆறெட்டு நாப்பத்தெட்டு" என்றாள். "அது ஏன் கீழே வந்தது?" என்றதற்குப் பதில் இல்லை.

பெரிய பகுதியின் மடங்கைச் சொல்லிப் பார்ப்பது

இரண்டு பகுதிகளில் பெரியதை எடுத்து அதன் வாய்ப்பாட்டை மட்டும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் நின்று, சின்னது இதை மீதியில்லாமல் வகுக்குமா என்று கேட்க வேண்டும். 6-உம் 8-உம் என்றால் எட்டாம் வாய்ப்பாடு. 8, ஆறு வகுக்காது. 16, வகுக்காது. 24, நாலாறு இருபத்து நான்கு, வகுக்கும். அவ்வளவுதான்.

இரண்டு எண்ணின் மடங்குகளையும் தனித்தனி வரியில் எழுதி, பொதுவானதைச் சுற்றிக் காட்டுவதும் உண்டு. புரிய வைக்க முதல் நாள் அது நல்லது. அதன் பிறகு சின்ன எண்ணின் மடங்குகளை எழுதுவது வீண் வேலை. பெரிய எண்ணின் மடங்காக இல்லாத எதுவும் பொது மடங்காக இருக்கவே முடியாது, ஆகவே பெரியதன் வரிசையில் தேடினால் போதும்.

24 கிடைத்ததும் அவளை இப்படி எழுதச் சொன்னேன்.

5/6 = (5 × 4)/(6 × 4) = 20/24
3/8 = (3 × 3)/(8 × 3) = 9/24
20/24 + 9/24 = 29/24 = 1 5/24

நடுவில் இருக்கும் × 4, × 3 இரண்டையும் எழுதியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேன். இந்த முறையில் பிள்ளைகள் விழும் இடம் அதுதான். 24-ஐக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் 5/24 + 3/24 = 8/24 என்று எழுதிவிடுவார்கள். கீழ் எண் மாறியது, மேல் எண் அப்படியே நின்றுவிட்டது. இதையும் பழைய சோதனை காட்டிக் கொடுக்கும். 8/24 என்பது மூன்றில் ஒன்று. ஆறில் ஐந்தோடு இன்னொன்றைச் சேர்த்து மூன்றில் ஒன்று வருமா?

ஒரு பகுதி இன்னொன்றின் மடங்காக இருந்தால் இந்த முறை முதல் எண்ணிலேயே முடிந்துவிடும். 5/6 − 1/3 என்றால் 6-ஐச் சொன்னவுடன் 3 வகுத்துவிடுகிறது. 5/6 − 2/6 = 3/6 = 1/2. இதையே குறுக்கே பெருக்கினால் (15 − 6)/18 = 9/18 என்று வந்து பிறகு சுருக்க வேண்டும்.

கவனித்திருப்பீர்கள், 3/6-ஐயும் சுருக்கத்தான் வேண்டியிருந்தது. மிகச் சிறிய பொதுப் பகுதியை எடுத்தால் சுருக்கவே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மையில்லை. போட்டோவில் இருந்த நான்காவது கணக்கு அதற்கென்றே கொடுத்தது போல இருந்தது. 1/6 + 3/10: பத்தாம் வாய்ப்பாட்டில் 10, 20, 30. முப்பதில் ஆறு வகுக்கும். 5/30 + 9/30 = 14/30. 30 மிகச் சிறிய பொதுப் பகுதிதான், ஆனாலும் 14-க்கும் 30-க்கும் 2 பொது. விடை 7/15. எந்த முறையில் போட்டாலும் கடைசியில் ஒரு முறை மேலும் கீழும் பார்க்க வேண்டும்.

கலப்புப் பின்னத்தில் கழித்தல்

இரண்டாவது கணக்கில் முதலில் ஏமாந்தது நான்தான். போட்டோவில் 3-க்கும் 1/4-க்கும் நடுவில் இடைவெளியே இல்லை. முப்பத்தொன்றின் கீழ் நான்கு என்று படித்தேன். பக்கத்தில் இருந்த 1 5/6-உம் அப்படியே 15/6 ஆகிவிட்டது. 93/12 − 30/12 = 63/12, சுருக்கினால் 21/4 என்று போட்டு அனுப்பினேன். "புக்ல ஒண்ணு, பன்னிரண்டில் அஞ்சுன்னு இருக்கு சித்தி" என்று பதில் வந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பின்னக் கோடு 1-க்கு அடியில் மட்டும் இருந்தது, 3-க்கு அடியில் இல்லை. போட்டோவில் கணக்குப் பார்க்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டின் நீளத்தைத்தான். கோடு எந்த எண்களுக்கு அடியில் ஓடுகிறதோ அவை மட்டும் தொகுதி. தள்ளி நிற்பது முழு எண்.

கணக்குக்கு வருவோம். ஆறாம் வாய்ப்பாட்டில் 6, 12. பொதுப் பகுதி 12.

3 1/4 − 1 5/6 = 3 3/12 − 1 10/12

இங்கே இரண்டு பாதை. 3/12-இலிருந்து 10/12 போகாது என்பதால் 3-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். வாங்கிய அந்த ஒன்று 12/12. ஆக 3 3/12 என்பது 2 15/12 ஆகிறது. 2 15/12 − 1 10/12 = 1 5/12.

பிள்ளைகள் இங்கே இரண்டு விதமாகத் தவறுவார்கள். சிலர் கடனே வாங்காமல் 10-இலிருந்து 3-ஐக் கழித்து 2 7/12 என்பார்கள். சிலர் சாதாரணக் கழித்தலில் செய்வது போல் பத்தைக் கடன் வாங்கி 13/12 ஆக்கிவிடுவார்கள், விடை 1 3/12 என்று வரும். பின்னத்தில் கடன் பத்தாக வராது, பகுதி என்னவோ அத்தனையாக வரும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கலப்புப் பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றிவிடலாம்.

13/4 − 11/6 = 39/12 − 22/12 = 17/12 = 1 5/12

கடன் வாங்குவதே இல்லை. முழு எண்கள் சின்னதாக இருக்கும்வரை நான் இதைத்தான் சொல்வேன். 48 1/4 − 17 5/6 மாதிரி வந்தால் மட்டும் தகா பின்னமாக்கினால் தொகுதி நூறுகளில் போய்விடும், அங்கே கடன் வாங்குவதே சுலபம்.

சரிபார்க்க, 1 5/6 என்பது கிட்டத்தட்ட 2. மூன்றேகாலில் இரண்டு போனால் ஒன்றேகால். நாம் இரண்டைவிடச் சற்றுக் குறைவாகத்தான் கழித்தோம், ஆக விடை ஒன்றேகாலுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். 1 5/12 ஒன்றரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில் நிற்கிறது, சரி. 2 7/12 இரண்டரைக்கும் மேலே போகிறது, அது நடக்காது.

மூன்று பின்னங்கள் வந்தால்: ஏணி வகுத்தல்

மூன்றாவது கணக்கு 7/12 + 5/18 − 3/8. குறுக்குப் பெருக்கல் இரண்டு பின்னத்துக்கான முறை, அதனால் இரண்டு தடவை போட வேண்டும். வகுப்பில் சொன்னபடியே அவள் அதைத்தான் தொடங்கினாள், நானும் தடுக்கவில்லை. முதல் இரண்டைக் கூட்டினால் (126 + 60)/216 = 186/216. அதிலிருந்து 3/8-ஐக் கழித்தால் (1488 − 648)/1728 = 840/1728. சுருக்க வேண்டும்: 420/864, 210/432, 105/216, பிறகு மூன்றால் வகுத்து 35/72. சரியான விடைதான். ஆனால் நோட்டில் முக்கால் பக்கம் போய்விட்டது, ஓரத்தில் மூன்று இலக்கப் பெருக்கல்கள் வேறு. 186 × 8-ஐ முதலில் 1448 என்று போட்டு அழித்தாள்.

ஏணி முறையில் மூன்று பகுதிகளையும் ஒரே வரியில் எழுதி, குறைந்தது இரண்டு எண்களையாவது வகுக்கும் ஒரு பகா எண்ணால் வகுத்துக்கொண்டே இறங்க வேண்டும். வகுபடாத எண்ணை அப்படியே கீழே இறக்க வேண்டும்.

```
2 | 12, 18, 8
2 |  6,  9, 4
3 |  3,  9, 2
  |  1,  3, 2
```

இனி எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை. இடப்பக்கத்தில் இருப்பவை 2, 2, 3. கடைசி வரியில் மிஞ்சியவை 1, 3, 2. எல்லாவற்றையும் பெருக்கினால் 2 × 2 × 3 × 1 × 3 × 2 = 72.

7/12 = 42/72
5/18 = 20/72
3/8 = 27/72
42/72 + 20/72 − 27/72 = 35/72

ஏணியில் பிள்ளைகள் விழும் இடம் கடைசி வரி. இடப்பக்க எண்களை மட்டும் பெருக்கி 12 என்று நிறுத்திவிடுவார்கள். 12-ஐ 18 வகுக்காது என்று ஒரு கணம் பார்த்தால் தெரிந்துவிடும். பொதுப் பகுதி எப்போதும் எல்லாப் பகுதிகளுக்கும் சமமாகவோ பெரியதாகவோதான் இருக்கும். இரண்டாவது படியில் 9 இரண்டால் வகுபடாது என்பதால் அப்படியே இறங்கியிருக்கிறது, அதை எழுத மறப்பதும் உண்டு.

இதையே மடங்கு முறையில் போட்டால்? பதினெட்டாம் வாய்ப்பாடு: 18, பன்னிரண்டு வகுக்காது. 36, பன்னிரண்டு வகுக்கும், எட்டு வகுக்காது. 54, இரண்டுமே வகுக்காது. 72, இரண்டுமே வகுக்கும். நான்காவது அடியில் கிடைத்துவிட்டது. மூன்று பின்னம் வந்தாலே ஏணிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், போட்டுப் பார்த்தபோது இந்தக் கணக்குக்கு ஏணி தேவைப்படவில்லை. பதினெட்டாம் வாய்ப்பாடு வாயில் வராத பிள்ளைக்குப் பதினெட்டைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். பகுதிகள் 24, 36, 45 என்று வந்தால் நிலைமை வேறு. அங்கே பொதுப் பகுதி 360. நாற்பத்தைந்தின் மடங்குகளில் எட்டாவது வரை நடக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் 24-ஐயும் 36-ஐயும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஏணியில் நான்கு படி இறங்கினால் கிடைத்துவிடும்.

எதை எடுத்தேன்

அவளுக்கு முதலில் மடங்கு முறையைத்தான் கொடுத்தேன். "24 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் "ஆறும் எட்டும் ரெண்டுமே அதுல அடங்கும்" என்று அவளால் சொல்ல முடிகிறது. குறுக்குப் பெருக்கலில் அந்தப் பதில் வரவில்லை. முறை மறந்துபோனாலும் கட்டம் வரைந்து பார்த்து மீட்டுக்கொள்ளலாம்.

குறுக்குப் பெருக்கலை விட்டுவிடச் சொல்லவில்லை. வகுப்பில் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், எதிர்பார்க்காவிட்டாலும் 3-உம் 5-உம், 4-உம் 7-உம் மாதிரி பொதுக் காரணி இல்லாத ஜோடிக்கு அதுவே நேர்வழி. கணக்கைப் பார்த்ததும் கீழ் எண்களின் மேல் ஒரு கணம் கண்ணை நிறுத்தச் சொன்னேன். ஒன்று இன்னொன்றில் அடங்கினால் பெரியதே பொதுப் பகுதி. இரண்டையும் சேர்த்து வகுக்கும் எண் எதுவும் இல்லையென்றால் பெருக்கிவிடு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பெரியதன் மடங்கைச் சொல்லு. ஏணியை அடுத்த மாதம் தருவதாக இருக்கிறேன், முப்பதுக்கு மேற்பட்ட பகுதிகள் வரும்போது அவளே கேட்பாள்.

ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடே ஆடிக்கொண்டிருக்கிறது, நாளைக்குத் தேர்வு என்றால் மட்டும் என் பதில் வேறு. அன்றைக்குக் குறுக்குப் பெருக்கலே போதும், சுருக்க மறக்காதே என்று சொல்லி அனுப்புவேன். புரிய வைப்பதைத் தேர்வு முடிந்து வைத்துக்கொள்ளலாம்.

நான்கு கணக்கும் முடிந்ததும் ஐந்தாவதாக ஒன்று நான் எழுதி போட்டோ எடுத்து அனுப்பினேன். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகளுக்கு இருபதில் ஒன்றுக்கு 'மா' என்று பெயர், எண்பதில் ஒன்றுக்குக் 'காணி' என்று பெயர். மாவையும் காணியையும் கூட்டு என்று கேட்டிருந்தேன்.

1/20 + 1/80

கால் மணி நேரத்தில் போட்டோ வந்தது. இந்த முறை நிழல் விழாமல், கோடுகள் நேராக. குறுக்கே பெருக்கியிருந்தால் 100/1600 என்று வந்திருக்கும். அவள் அப்படிப் போடவில்லை. பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக '80, 20 அடங்கும்' என்று எழுதியிருந்தாள். கீழே 4/80 + 1/80 = 5/80, அதற்கும் கீழே 1/16.

பதினாறில் ஒன்றுக்கும் பெயர் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். மாகாணி என்று எழுதி அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்துத்தான் பதில் வந்தது: "சித்தி! மா, காணி!"